ஒரு நிமிடத்தில் லூப்: மாவுச் சட்டியை எட்டிப் பார்க்கும் நேரம்

"அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் ஊர் நூலகத்தில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு லூப் என்றால் என்ன என்று ஒரே நிமிடத்தில் சொல்ல வேண்டும். சமையலறை உதாரணம் ஒன்று வேண்டும். தோசை சுடுவதைச் சொன்னால் போதுமா? அல்வா கிண்டுவது நம் ஊருக்கு இன்னும் பொருத்தமாக இருக்குமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்."

தோசையையே எடுத்துக்கொள்ளுங்கள். அல்வா நம் ஊருக்குப் பொருத்தம்தான், ஆனால் லூப்புக்குப் பொருந்தாது. பாளையங்கோட்டையில் பதினெட்டு ஆண்டுகளாகப் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்குக் கணினி அறிவியல் நடத்திவருகிறேன். இந்த இரண்டு உதாரணங்களையும் வகுப்பில் சொல்லிப் பார்த்திருக்கிறேன். இரண்டுக்கும் மறுநாள் பிள்ளைகள் எழுதிக்கொண்டு வந்த நிரல்களையும் திருத்தியிருக்கிறேன். எந்த உதாரணம் நல்லது என்பது சொல்லும்போது தெரியாது, அந்த நிரல்களைத் திருத்தும்போதுதான் தெரியும்.

நான் சொல்கிற ஒரு நிமிடப் பேச்சை முதலில் தந்துவிடுகிறேன். எழுத்துத் தமிழில் சொன்னால் பிள்ளைகள் பாடம் என்று நினைத்து ஒதுங்கிவிடுவார்கள் என்பதால் இதை வீட்டுப் பேச்சிலேயே சொல்வது என் வழக்கம்.

"வீட்டுல இன்னைக்குத் தோசை. அம்மா என்ன செய்யுதா? மாவுச் சட்டிய எட்டிப் பாக்கா. மாவு இருக்கா? இருக்கு. ஒரு கரண்டி எடுத்து ஊத்துதா, திருப்பிப் போடுதா, எடுத்துத் தட்டுல வைக்கா. திரும்பவும் சட்டியப் பாக்கா. மாவு இருக்கா? இருக்கு. அதே ஊத்து, அதே திருப்பு, அதே எடு. ஒவ்வொரு தோசைக்கும் சட்டியில ஒரு கரண்டி குறையுது. கடைசியா ஒரு தடவ எட்டிப் பாக்கா. மாவு இல்ல. அடுப்ப அமத்திருதா. இப்போ நூறு தோசை சுடணும்னா கம்ப்யூட்டருக்கு நூறு தடவ சொல்ல வேண்டாம். 'சட்டியப் பாரு, மாவு இருந்தா ஒரு தோசை சுடு, திரும்பப் போய்ச் சட்டியப் பாரு'ன்னு ஒரே ஒரு தடவ சொன்னாப் போதும். பாக்கதும் செய்யதும் இப்பிடி மாறி மாறி வாரதுக்குப் பேருதான் லூப்."

நிதானமாகச் சொன்னால் இது ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும், நடுவில் ஒரு கேள்வியைப் பிள்ளைகளிடம் கேட்டு நிறுத்துவதற்கும் இடம் இருக்கும். பேச்சில் ஏதாவது குறைக்க வேண்டியிருந்தால் நூறு தோசை பற்றிய வாக்கியத்தை விட்டுவிடலாம். ஆனால் சட்டியை எட்டிப் பார்ப்பதையும் ஒரு கரண்டி குறைவதையும் விட்டுவிடாதீர்கள். பெரும்பாலானவர்கள் "ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது லூப்" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அது தவறில்லை என்றாலும், அதைக் கேட்ட பிள்ளைக்கு லூப் எப்போது நிற்கும், யார் நிறுத்துவார்கள் என்பது தெரியாது. நிரல் எழுதும்போது பிள்ளைகள் தடுமாறுவதும் அந்த இடத்தில்தான். திரும்பச் செய்வது என்பது ஐந்து வயதுக் குழந்தைக்கும் புரியும்.

இனி அல்வாவை ஏன் வேண்டாம் என்கிறேன் என்பதற்கு வருகிறேன். ஆசிரியராகச் சேர்ந்த முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் நானும் அல்வாவைத்தான் சொன்னேன். கோதுமைப் பாலையும் சீனியையும் அடுப்பில் ஏற்றி, நெய்யை விட்டு விட்டு, அந்த நெய் பிரிந்து வரும் வரை கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். எத்தனை தடவை கிண்ட வேண்டும் என்று முன்கூட்டியே யாருக்கும் தெரியாது. பதம் வந்ததும் நிறுத்த வேண்டும். இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது என்று அப்போது நம்பினேன், பிள்ளைகளும் தலையாட்டினார்கள். பிறகு ஒரு மாணவி ஒரு நிரலைப் பார்த்துவிட்டு, மாறியின் மதிப்பு பூஜ்யமான அந்த நொடியே லூப் நின்றுவிடும், அதற்குக் கீழே உள்ள வரிகள் ஓடாது என்று உறுதியாகச் சொன்னாள். ஏன் அப்படி நினைக்கிறாய் என்று கேட்டதற்கு, "நெய் பிரிஞ்சதும் கையை எடுத்திருவோம்லா சார், அதுக்கு மேல யாரும் கிண்டுவாங்களா?" என்றாள். அவளிடம் எந்தத் தவறும் இல்லை. நான் சொன்ன உதாரணத்தை அவள் சரியாகப் புரிந்துகொண்டிருந்தாள். உதாரணம்தான் லூப்பைத் தவறாகக் காட்டியிருந்தது.

அல்வா கிண்டுகிறவர் கண்ணை உருளியிலிருந்து எடுப்பதே இல்லை. கை ஒரு பக்கம் சுற்ற, கண் ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறது. பதம் எந்தக் கணத்தில் வந்தாலும் அதே கணத்தில் வேலை நிற்கிறது. கணினியில் ஓடும் லூப் இப்படிப் பார்த்துக்கொண்டே இருப்பதில்லை. ஒரு சுற்றின் தொடக்கத்தில் ஒரே ஒரு முறை நிபந்தனையைப் பார்க்கிறது, சரி என்றால் உள்ளே இருக்கிற எல்லா வரிகளையும் வரிசையாக முடிக்கிறது, மறுபடியும் மேலே போய் ஒரு முறை பார்க்கிறது. நடுவில் அந்த நிபந்தனை பொய்யாகிவிட்டாலும் அதற்குத் தெரியாது, மேலே போன பிறகுதான் தெரியும். சோறு வேகும் வரை, பால் பொங்கும் வரை, குழம்பு வற்றும் வரை என்று சொல்லப்படும் உதாரணங்கள் எல்லாவற்றுக்கும் இதே குறை உண்டு. அவற்றில் காத்திருத்தல் இருக்கிறது, தனித்தனிச் சுற்றுகள் இல்லை.

இது என் வகுப்பில் மட்டும் கண்ட குழப்பம் இல்லை. 1985-இல் ஜெஃப்ரி போனார், எலியட் சோலோவே என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், நிரலாக்கம் கற்கப் புதிதாக வருகிறவர்கள் செய்யும் பிழைகளில் பல, அவர்கள் அன்றாட வாழ்க்கையிலிருந்து கொண்டுவரும் படிப்படியான செய்முறை அறிவிலிருந்தே பிறக்கின்றன என்று எழுதினார்கள். ஆங்கிலத்தில் 'வைல்' என்ற சொல்லை அன்றாடப் பேச்சில் ஓயாத கண்காணிப்பு என்ற பொருளில் பயன்படுத்துவதால், மாணவர்கள் நிரலிலும் அதே பொருளை எதிர்பார்ப்பதை அவர்கள் கவனித்திருந்தார்கள். நாம் சமையலறை உதாரணம் சொல்லும்போது அந்த அன்றாட அறிவை வேண்டுமென்றே கூப்பிட்டு உட்காரவைக்கிறோம். ஆகவே எந்தச் சமையலைக் கூப்பிடுகிறோம் என்பதில் கவனம் தேவைப்படுகிறது.

தோசையில் பார்ப்பதும் செய்வதும் இயல்பாகவே பிரிந்து நிற்கின்றன. மாவு இருக்கிறதா என்று பார்ப்பது ஊற்றுவதற்கு முன்னால் நடக்கிறது. ஊற்றிய பிறகு கவனம் முழுவதும் கல்லின் மேல்தான், சட்டியின் மேல் இல்லை. அதைவிட முக்கியமானது கடைசித் தோசை. கடைசிக் கரண்டியை வழித்து ஊற்றிய அந்த நொடியிலேயே சட்டி காலியாகிவிட்டது. அதற்காகத் தோசையைப் பாதி வேக்காட்டில் கல்லிலேயே விட்டுவிட்டு யாரும் அடுப்பை அணைப்பதில்லை. அதையும் திருப்பிப் போட்டு, எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு, பிறகு சட்டியைப் பார்த்துத்தான் அணைக்கிறோம். லூப் செய்வது அச்சு அசலாக இதையேதான். பைத்தான் மொழியில் இப்படி எழுதலாம். பைத்தான் 3 மாறிகளுக்குத் தமிழ் எழுத்தில் பெயர் வைக்க அனுமதிக்கிறது என்பதால் மாவை மாவு என்றே எழுதியிருக்கிறேன்.

```python
மாவு = 3
while மாவு > 0:
    மாவு = மாவு - 1
    print("ஊற்றினேன், மீதி", மாவு)
    print("திருப்பி எடுத்தேன்")
print("அடுப்பை அணைத்தேன்")
```

சட்டியில் மூன்று கரண்டி மாவு இருக்கிறது. முதல் பார்வையில் 3 என்பது பூஜ்யத்தைவிடப் பெரியது, உள்ளே போகிறோம், மாவு 2 ஆகிறது, ஊற்றியாயிற்று, திருப்பி எடுத்தாயிற்று. இரண்டாம் பார்வையில் 2, உள்ளே போகிறோம், மாவு 1 ஆகிறது. மூன்றாம் பார்வையில் 1, உள்ளே போன உடனே முதல் வரியிலேயே மாவு 0 ஆகிவிடுகிறது. இந்த இடத்தில் நிறுத்தி, அடுத்த இரண்டு வரிகளும் ஓடுமா என்று பிள்ளைகளைக் கேளுங்கள். அல்வா கேட்ட வகுப்பில் பாதிப் பேர் ஓடாது என்பார்கள். தோசை கேட்ட வகுப்பில், "கடைசித் தோசையத் திருப்பாமலா விடுவாவ?" என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார், மற்றவர்களும் பிடித்துக்கொள்வார்கள். இது நானாக எண்ணிப் பார்த்த கணக்கு அல்ல, பல ஆண்டு வகுப்பறைப் பழக்கத்தில் மனதில் நின்ற அளவு. ஆனால் நிரல் என்ன செய்யும் என்பதில் ஐயமே இல்லை: ஊற்றினேன் என்று மூன்று வரி, திருப்பி எடுத்தேன் என்று மூன்று வரி, கடைசியில் அடுப்பை அணைத்தது ஒரு வரி, ஆக மொத்தம் ஏழு வரிகள் திரையில் வரும். ஐந்து வரிகள்தான் வரும் என்று ஒரு பிள்ளை சொன்னால், அது லூப்பை ஓயாத கண்காணிப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

மூன்று தோசைக்கு எத்தனை தடவை சட்டியைப் பார்த்தோம் என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. நான்கு தடவை. நான்காவது பார்வையில்தான் மாவு இல்லை என்பது தெரிந்தது. சட்டி ஆரம்பத்திலேயே காலியாக இருந்தால் ஒரே ஒரு முறை பார்ப்போம், தோசை ஒன்றும் வராது, நேராக அடுப்பை அணைக்கும் வரிக்குப் போய்விடுவோம். பதினொன்றாம் வகுப்பில் சி++ படிக்கப்போகிற பிள்ளைகள் அங்கே டூ-வைல் என்ற இன்னொரு வகையைப் பார்ப்பார்கள். அது முதல் கரண்டியைச் சட்டியைப் பார்க்காமலே ஊற்றிவிட்டு, அதன் பிறகு பார்க்கத் தொடங்கும். உங்கள் ஒரு நிமிடத்தில் அதற்கு இடம் இல்லை, யாராவது கேட்டால் சொல்லலாம்.

தமிழில் சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கு மட்டும் வருகிற ஒரு சிக்கலை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட எந்தப் பாடத்திலும் அது இருக்காது. "மாவு இருக்கும் வரை சுடு" என்று சொல்கிறோம், "மாவு தீரும் வரை சுடு" என்றும் சொல்கிறோம். இரண்டும் ஒரே வேலையைத்தான் குறிக்கின்றன, கேட்கிறவர் எவரும் குழம்புவதில்லை. ஆனால் இரண்டிலும் வரை என்ற ஒரே சொல் இருக்க, அதற்கு முன்னால் நிற்கும் நிபந்தனைகள் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. முதலாவது, தொடர்ந்து செய்வதற்கான நிபந்தனை. இரண்டாவது, நிறுத்துவதற்கான நிபந்தனை. ஆங்கிலத்தில் இவற்றுக்கு வைல், அன்டில் என்று வேறு வேறு சொற்கள் இருப்பதால் அவர்களுக்கு இந்த இடறல் கொஞ்சம் குறைவு. பைத்தானும் சி++-ம் முதல் வகையை மட்டுமே ஏற்கின்றன. நம் பிள்ளை வீட்டில் "தீருற வரைக்கும்" என்று கேட்டு வளர்ந்திருக்கிறது, அதை அப்படியே வரிக்கு வரி நிரலாக மாற்றி இப்படி எழுதுகிறது.

```python
while மாவு == 0:
```

மாவு 3 என்று இருக்கும்போது இதை ஓட்டினால் ஒரு தோசைகூட வராது; திரையில் அடுப்பை அணைத்தேன் என்ற ஒரு வரி மட்டும் வரும். பிழைச் செய்தி எதுவும் வராது என்பதால் பிள்ளைக்கு எங்கே தவறு என்று பிடிபடாது. லூப் ஒரு முறையும் ஓடாமல் நேராகக் கடைசி வரி வந்தால், முதலில் நிபந்தனை தலைகீழாக இருக்கிறதா என்று பாருங்கள். என் அனுபவத்தில் பெரும்பாலும் அதுதான். கட்டைகளை அடுக்கி நிரல் உருவாக்கும் ஸ்கிராட்ச் மொழியைப் பழகிவிட்டு வருகிற பிள்ளைகளிடம் இது இன்னும் கூடுதலாக இருக்கும், ஏனென்றால் அங்கே நிபந்தனையோடு திரும்பச் செய்யும் கட்டை, நிறுத்துவதற்கான நிபந்தனையைத்தான் கேட்கும். அதனால்தான் என் பேச்சில் வரை என்ற சொல்லே வராமல் பார்த்துக்கொள்கிறேன். "மாவு இருந்தா ஒரு தோசை சுடு, திரும்பப் பாரு" என்று சொல்லும்போது நிபந்தனை தானாகவே சரியான பக்கத்தில் நின்றுவிடுகிறது. நீங்களும் வரையைத் தவிருங்கள், அல்லது சொன்னால் எப்போதும் "இருக்கும் வரை" என்ற வடிவத்தில் மட்டும் சொல்லுங்கள்.

அடுத்தது அந்த ஒரு கரண்டி குறைகிற வாக்கியம். வீட்டில் மாவு தானாகக் குறைகிறது, அதைக் குறை என்று யாரும் அம்மாவுக்குச் சொல்வதில்லை. கணினியின் சட்டியில் மாவு என்பது வெறும் ஓர் எண். ஊற்றினேன் என்று திரையில் எழுதச் சொன்னால் எழுதும், அதற்காக எண்ணை அது குறைக்காது. குறைக்கச் சொல்லும் வரியை நாமே எழுத வேண்டும், பிள்ளைகள் அதிகமாக மறக்கும் வரியும் அதுவே. மறந்தால் சட்டி அமுதசுரபி ஆகிவிடும். மீதி 3, மீதி 3 என்று திரை நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். அப்போது கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு C விசையைத் தட்டினால் பைத்தான் நிரல் நின்றுவிடும். இதைப் பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் கணினி கெட்டுப்போய்விட்டது என்று பயந்து மின் இணைப்பைப் பிடுங்கிவிடுவார்கள். ஒரு பையன் உண்மையிலேயே பிடுங்கியிருக்கிறான்.

அந்த வரியை எழுதியிருந்தும் நிற்காமல் ஓடினால், அது எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பைத்தானில் உள்ளே தள்ளி எழுதிய வரிகள்தான் லூப்புக்குச் சொந்தம். குறைக்கிற வரியை இடது ஓரத்துக்கு இழுத்து, மற்ற வரிகளுக்குக் கீழே எழுதிவிட்டால் அது லூப்புக்கு வெளியே போய்விடும். எல்லாத் தோசையும் சுட்டு முடித்த பிறகு மாவைக் குறைப்பதற்குச் சமம், அந்த முடிவு வரவே வராது. சி++-இல் இதே நோய் வேறு வேடத்தில் வரும்.

```cpp
while (maavu > 0);
```

அந்த வரியின் கடைசியில் இருக்கும் அரைப்புள்ளிதான் காரணம். அதைப் போட்டவுடன் லூப்பின் உடல் வெறுமையாகிவிடுகிறது: சட்டியைப் பார்ப்பது, ஒன்றும் செய்யாமல் இருப்பது, மறுபடி சட்டியைப் பார்ப்பது. திரையில் எதுவுமே வராது, நிரல் உறைந்து நிற்கும். ஆகவே திரை நிற்காமல் ஓடினால் குறைக்கும் வரியைத் தேடுங்கள், திரை வெறுமையாக நின்றால் அரைப்புள்ளியைத் தேடுங்கள்.

தோசை உதாரணத்துக்கும் எல்லை உண்டு. சட்டியில் இரண்டரைக் கரண்டி மாவு இருந்தால் வீட்டில் இரண்டு முழுத் தோசையும், வழித்து ஊற்றிக் கடைக்குட்டிக்கு ஒரு சின்னத் தோசையும் வரும். மேலே தந்த நிரலில் முதல் வரியை 2.5 என்று மாற்றினால் மாவு 1.5, 0.5, கடைசியில் -0.5 என்று போகும். மூன்று தோசை ஊற்றியதாகவும் சட்டியில் அரைக் கரண்டி கடன் இருப்பதாகவும் கணினி சொல்லும். மாவு பூஜ்யத்துக்கு மேல் இருக்கிறதா என்றுதான் கேட்டோம், ஒரு முழுக் கரண்டிக்கு இருக்கிறதா என்று கேட்கவில்லை. நிபந்தனையை `மாவு >= 1` என்று மாற்றினால் இரண்டு தோசையோடு நின்று அரைக் கரண்டியைச் சட்டியில் மிச்சம் வைக்கும். அம்மா அளவுக்கு ஏற்பத் தோசையைச் சின்னதாக்கிக்கொள்வார், கணினிக்கு அந்தச் சாமர்த்தியத்தையும் நாம்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். சூட்டிகையான பிள்ளை ஒன்று இதை உங்களிடம் கேட்கக்கூடும், அப்போது உதாரணம் உடைந்துவிட்டது என்று தயங்க வேண்டாம், நிபந்தனையை எவ்வளவு துல்லியமாக எழுத வேண்டும் என்பதைக் காட்ட அதைவிட நல்ல வாய்ப்புக் கிடைக்காது.

இட்லியை எடுத்துக்கொள்ளலாமா என்றும் சிலர் கேட்பதுண்டு. இட்லியில் ஒரு தட்டின் எல்லாக் குழிகளும் ஒரே நேரத்தில் வேகின்றன, அங்கே திரும்பி வருவது ஈடு, இட்லி அல்ல. மூன்று ஈடு, ஈட்டுக்குப் பன்னிரண்டு குழி என்று பின்னால் லூப்புக்குள் லூப் நடத்தும்போது அது மிக நன்றாக வேலை செய்யும்: வெளியே ஈடுகள் ஓட, உள்ளே குழிகளில் மாவை நிரப்புவது ஓடும். முதல் அறிமுகத்தில் எதைச் சுற்று என்று எண்ணுவது என்ற குழப்பம் வந்துவிடும். அதேபோல, வீட்டில் ஐந்து பேர், ஆளுக்கு ஒரு தோசை என்று எண்ணிக்கை முன்பே தெரிந்திருந்தால் அது ஃபார் வகை; அதையும் அடுத்த வகுப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். பாடநூலில் லூப்புக்கு மடக்கு என்ற சொல் வருவதால், பேச்சின் கடைசியில் ஒரு முறை "இதத்தான் புத்தகத்துல மடக்குன்னு போட்டிருக்கும்" என்று சேர்த்துவிட்டால், தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைக்குப் பின்னால் அந்தப் பக்கத்தைப் பார்க்கும்போது இந்தச் சட்டி நினைவுக்கு வரும்.

நூலகத்தில் கணினி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு சின்னப் பாத்திரம், ஒரு கரண்டி, ஒரு தட்டு கொண்டுபோங்கள், பாத்திரத்தில் மூன்று கரண்டி தண்ணீரை அளந்து ஊற்றிவைத்துக்கொள்ளுங்கள். பேசிக்கொண்டே எட்டிப் பாருங்கள், ஊற்றுங்கள், திருப்புவது போலக் கையைக் காட்டுங்கள், எடுப்பது போலக் காட்டுங்கள். எட்டிப் பார்க்கும்போது தலையை நன்றாகக் குனிந்து பாருங்கள், அந்த அசைவு பிள்ளைகள் மனதில் நிற்கும். மூன்றாவது கரண்டியை ஊற்றிய உடனே கையை அப்படியே நிறுத்திவிட்டு, பாத்திரத்தைக் கவிழ்த்துக் காலி என்று காட்டி, "இப்போ நான் என்ன செய்யணும்?" என்று கேளுங்கள். "அடுப்ப அமத்தணும்" என்று முதலில் ஒரு குரல் வரும், கொஞ்சம் பொறுத்திருந்தால் "இல்ல, தோசையத் திருப்பணும்" என்று இன்னொரு குரல் வரும். இரண்டாவதாகச் சொன்ன பிள்ளையையே முன்னால் கூப்பிட்டு மீதியைச் செய்யச் சொல்லுங்கள்: திருப்பி, எடுத்து, மறுபடி குனிந்து பாத்திரத்தைப் பார்த்துவிட்டு அடுப்பை அணைக்கட்டும். பிறகு எல்லாரிடமும் எத்தனை தடவை குனிந்து பார்த்தோம் என்று கேளுங்கள். மூன்று என்கிறவர்கள் தோசையை எண்ணியிருக்கிறார்கள், அவர்களுக்கு இன்னொரு முறை செய்து காட்ட வேண்டியிருக்கும்; நான்கு என்கிறவர்களிடம் அடுத்த வாரமே ஒரு தாளைக் கொடுத்து மேலே உள்ள ஆறு வரி நிரலை எழுதச் சொல்லலாம்.